ஜாயின்ட் டெவலப்மென்ட் அக்ரிமென்ட்: பங்கு, கெடு, யூடிஎஸ் மூணையும் சேத்து எழுதுறது எப்படி, நெலக்காரர் பக்கத்துலேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

பழைய வீட்ட இடிச்சிட்டு ஃபிளாட் கட்டலாம்னு ஒரு பில்டர் வீட்டுக்கு வந்து உக்காந்தார்னா முதல் அஞ்சு நிமிஷத்துலயே, கட்டுற ஃபிளாட்டுல யாருக்கு எவ்ளோன்ற ரேஷியோ பேச்சு வந்துரும். உங்களுக்கு அம்பது எனக்கு அம்பது, இல்ல அம்பத்தஞ்சு தரேன் ஆனா அட்வான்ஸ் கம்மி, இப்படி போகும். நம்ம ஆளுங்களும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லும்போது "55 பர்சென்ட் பேசி முடிச்சிட்டேன்"னு தான் சொல்லுவாங்க. ஆனா இந்த மாதிரி அக்ரிமென்ட்ல நெலக்காரர் அடி வாங்குறது பெரும்பாலும் ரேஷியோல இல்லங்க, நம்ம நெலம் எந்த தேதியில எவ்ளோ நம்ம கைய விட்டு போகுது, அந்த தேதியில நம்ம ஃபிளாட் எவ்ளோ கட்டி முடிஞ்சிருக்கு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியில தான். பங்கையும் கெடுவையும் தனித்தனி ஷரத்தா பாக்காம, ரெண்டையும் யூடிஎஸ், அதாவது ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சேர்ற பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதோட பதிவோட சேத்து கட்டுறது எப்படின்னு தான் இதுல முழுக்க பாக்கப் போறோம்.

இது தமிழ்நாட்டு நடைமுறைய வெச்சு எழுதினது. கணக்கு புரியறதுக்கு ஒரே உதாரணத்த கடைசி வரைக்கும் எடுத்துட்டு போறேன். சென்னையில ரெண்டரை கிரவுண்ட் இடம், அதாவது 6000 சதுர அடி. மனைப் பரப்பு மாதிரி எத்தனை மடங்கு கட்டலாம்ன்ற எஃப்எஸ்ஐ சாதாரணமா 2, அப்போ 12,000 சதுர அடி கட்டலாம். ஸ்டில்ட் பார்க்கிங், மேல நாலு மாடி, மாடிக்கு மூணு வீடு, மொத்தம் 12 ஃபிளாட், ஒவ்வொண்ணும் பொது இடத்துல அதோட பங்கையும் சேத்து 1000 சதுர அடி. ரேட் எல்லாம் உதாரணத்துக்கு வெச்சது, உங்க ஏரியா ரேட்ட நீங்க போட்டு பாத்துக்கோங்க.

1. ரேஷியோவ வாயால பேசாதீங்க, கணக்கு போட்டு பேசுங்க

நெலம் சதுர அடி 8000 ரூபான்னு வெச்சா 6000 சதுர அடி 4.80 கோடி. கட்டுற செலவு, அப்ரூவல் ஃபீஸ், ஆர்க்கிடெக்ட், வட்டி, விளம்பரம் எல்லாம் சேத்து சதுர அடிக்கு 3500 ஆகுதுன்னு வெச்சா 12,000 சதுர அடிக்கு 4.20 கோடி. ஆக ப்ராஜெக்ட்டுக்குள்ள வர்ற மொத்த முதல் 9 கோடி, அதுல நம்மளோடது 4.80, அதாவது 53 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. ஃபிளாட் சதுர அடி 9000க்கு விக்கும்னா மொத்த விற்பனை 10.80 கோடி, லாபம் 1.80 கோடி. முதல் போட்ட விகிதத்துலயே லாபத்தையும் பிரிச்சா நமக்கு 6400 சதுர அடி வரணும்.

இப்போ பில்டர் "ரவுண்டா அம்பது அம்பது வெச்சுக்கலாம் சார்"னு சொன்னா நமக்கு 6000 சதுர அடி, அதாவது 6 ஃபிளாட். அந்த 400 சதுர அடி வித்தியாசம் 9000 ரேட்டுல 36 லட்சம். அத பணமா குடுங்கன்னு கேக்கலாம், இல்ல வேற எதுலயாவது சரிக்கட்டலாம், ஆனா 36 லட்சம்னு தெரிஞ்சு விட்டுக்குடுக்கறதும் தெரியாம விட்டுக்குடுக்கறதும் ஒண்ணு இல்லையே. நெல ரேட் ஏற ஏற நெலக்காரர் பங்கு ஏறும், அதனால பக்கத்து தெருவுல எவ்ளோ பேசினாங்கன்னு கேட்டுட்டு அதே ரேஷியோவ இங்கயும் போடுறது தப்பு. மெயின் ரோட்டு இடத்துக்கும் உள்சந்து இடத்துக்கும் நெல ரேட் வேற, ஆனா கட்டுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

2. பங்கை சதுர அடியில மட்டும் எழுதாதீங்க

இது தான் ரொம்ப பேர் கவனிக்காத இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

அக்ரிமென்ட்ல "நெல உரிமையாளருக்கு 6000 சதுர அடி கட்டடம்"னு மட்டும் எழுதியிருக்குன்னு வைங்க. கையெழுத்து ஆச்சு. அப்புறம் பில்டர் அரசுக்கு பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்குறார். தமிழ்நாட்டுல ரோட்டோட அகலத்த பொறுத்து சாதாரண எஃப்எஸ்ஐக்கு மேல இப்படி கூடுதலா வாங்கலாம். 20 சதவீதம் வாங்குறார்னு வெச்சா 2400 சதுர அடி கூடுது, மொத்தம் 14,400. நமக்கு எழுதின 6000 அப்படியே இருக்கு, ஒரு அடி கூட குறையல, பில்டரும் "நான் சொன்னத குடுத்துட்டேனே"ம்பார்.

ஆனா நெலத்த பாருங்க. யூடிஎஸ்னு சொல்ற பிரிக்கப்படாத மனைப் பங்கு எல்லா ஃபிளாட்டுக்கும் பரவும். முன்னாடி 12,000 சதுர அடிக்கு 6000 சதுர அடி நெலம், 1000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500 சதுர அடி யூடிஎஸ். இப்போ 14,400க்கு அதே 6000, ஒரு ஃபிளாட்டுக்கு 417 தான். நம்ம 6 ஃபிளாட்டுக்கும் சேத்து 3000 இருக்க வேண்டியது 2500 ஆயிருச்சு. 500 சதுர அடி நெலம், 8000 ரேட்டுல 40 லட்சம், ஒரு கையெழுத்தும் புதுசா போடாமலே போயிருச்சு. கட்டடம் 40, 50 வருஷத்துல பழசாகி மறுபடி இடிக்கும்போது பங்கு பேசுறது இந்த யூடிஎஸ்ஸ வெச்சு தான், அதனால இது சின்ன விஷயம் இல்ல.

அதனால ஷரத்து இப்படி வரணும்: அனுமதி கிடைக்கிற மொத்த கட்டடப் பரப்புல இத்தனை சதவீதம், அல்லது இத்தனை சதுர அடி, இதுல எது அதிகமோ அது. கூடவே நெலக்காரர் யூடிஎஸ் இத்தனை சதுர அடிக்கு குறையவே கூடாதுன்னு தனி வரி. பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்குறதா இருந்தா நம்ம எழுத்துபூர்வ சம்மதம் வேணும், அதுக்கான கட்டணம் யாரு கட்டுறாங்க, கூடுற பரப்ப எப்படி பிரிக்கிறதுன்னும் இப்பவே எழுதணும். கட்டணத்த பில்டர் கட்டுறார்னா கூடுதல் பரப்புல அவருக்கு கொஞ்சம் அதிகமா குடுக்கறது நியாயம் தான், ஆனா சுத்தமா நமக்கு இல்லன்றது நியாயம் இல்ல.

இன்னொண்ணு, எந்த அளவுல அளக்குறோம்னு எழுதுங்க. ரேரான்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல கார்பெட் ஏரியான்னா உள்ள புழங்குற தரைப் பரப்பு, உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவர், பால்கனி, சர்வீஸ் ஷாஃப்ட் எல்லாம் சேராது. சேலபிள் ஏரியான்றது பில்டருக்கு பில்டர் மாறும், படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாத்தையும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி ஏத்துவாங்க. நமக்கு குடுக்கும்போது நல்லா ஏத்தி 1000னு சொல்லி குடுத்துட்டு அவர் பங்கை கம்மியா ஏத்தி கணக்கு காட்டினா சதவீதம் சரியா இருக்குற மாதிரியே தெரியும், ஆனா உள்ள ரூம் சின்னதா இருக்கும். அதனால ரெண்டு பங்குக்கும் கார்பெட் ஏரியாவ தனியா போட்டு, அதுலயும் அதே விகிதம் வருதான்னு பாருங்க. இஞ்சினியர் ஒருத்தர் பிளானை வெச்சு அளந்தா ஒரு நாள் வேலை தான்.

3. எந்த ஃபிளாட் யாருக்குன்னு பிளானிலேயே கலர் போடுங்க

"சமமான தரத்தில் உள்ள ஃபிளாட்டுகள் பரஸ்பர ஒப்புதலுடன் பிரித்துக்கொள்ளப்படும்"னு ஒரு வரி நிறைய அக்ரிமென்ட்ல இருக்கும். இந்த வரியால தான் முக்கால்வாசி சண்டை. கெழக்கு பாத்த ஃபிளாட், ரோடு பக்கம், முதல் மாடி எல்லாம் முன்னாடியே புக்கிங் ஆயிருக்கும், நமக்கு மேற்கு வெயில் அடிக்கிற நாலாவது மாடி மிச்சம் இருக்கும்.

அக்ரிமென்ட் போடும்போது பிளான் அப்ரூவல் ஆயிருக்காதே, எப்படி நம்பர் போடுறதுன்னு கேப்பீங்க. வரைவு பிளானை இணைச்சு அதுல நம்மளோடத ஒரு கலர், பில்டரோடத ஒரு கலர் அடிச்சு ரெண்டு பேரும் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போடுங்க. பிளான் அனுமதி வந்து 30 நாளுக்குள்ள ஒரு துணை ஒப்பந்தம் போட்டு ஃபிளாட் நம்பர், கார்பெட் ஏரியா, யூடிஎஸ், கார் பார்க்கிங் நம்பர் வரைக்கும் உறுதி பண்ணிக்கலாம். முக்கியமானது என்னன்னா அந்த துணை ஒப்பந்தம் கையெழுத்து ஆகுற வரைக்கும் பில்டர் ஒரு ஃபிளாட் கூட புக்கிங் எடுக்கக் கூடாதுன்னு எழுதுறது. இது இருந்தா அவரே அவசரப்பட்டு வந்து நிப்பார்.

பங்கு முழு ஃபிளாட்டா பிரியாது, 80 சதுர அடி கூடும் குறையும். அதுக்கு என்ன ரேட்டுல பணம்னு இப்பவே ஒரு நம்பர் போடுங்க. "அன்றைய சந்தை விலை"ன்னு விட்டா நமக்கு தரும்போது ஒரு சந்தை, நம்மகிட்ட வாங்கும்போது வேற சந்தை. மொட்டை மாடி எல்லாருக்கும் பொதுன்னும் போட்டுருங்க, அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

4. கெடு: எந்த தேதியிலேர்ந்து எண்ணுறது

"பிளான் அனுமதி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள், மேலும் 6 மாதங்கள் கிரேஸ்". இத பாத்தா கெடு இருக்குற மாதிரி தான் இருக்கும். ஆனா பிளான் அனுமதி எப்போ வரணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்லன்னா அந்த 24 மாசம் ஆரம்பிக்கவே இல்லன்னு தான் அர்த்தம். அக்ரிமென்ட் பதிவு ஆயிருக்கும், நம்ம சார்பா கையெழுத்து போட பவர் குடுத்திருப்போம், இசின்ற வில்லங்கச் சான்றுல என்ட்ரி ஏறியிருக்கும், வேற யார்கிட்டயும் இடத்த குடுக்க முடியாது, பில்டரோ கையில நாலு இடத்த புடிச்சு வெச்சுக்கிட்டு எது முதல்ல லாபமோ அத கட்டிட்டு இருப்பார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி கெடு வேணும். நம்ம உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: அக்ரிமென்ட் பதிவு ஆன நாளிலேர்ந்து 60 நாளுக்குள்ள பிளான் சமர்ப்பிக்கணும். அதுலேர்ந்து 6 மாசத்துக்குள்ள சிஎம்டிஏன்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தோட அனுமதி, உள்ளாட்சி கட்டட அனுமதி ரெண்டும் வாங்கணும், வரலன்னா அக்ரிமென்ட்ட ரத்து பண்ற உரிமை நமக்கு உண்டு. அனுமதி வந்ததும் 30 நாள்ல நாம வீட்ட காலி பண்ணி குடுக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட காலி பண்ணக் கூடாது. இடிக்கிறதும் அனுமதி கைக்கு வந்த பிறகு தான். காலி பண்ணி குடுத்த நாளிலேர்ந்து 18 மாசம், கிரேஸ் 3 மாசம், சாவி வர்ற வரைக்கும் நம்ம வாடகைய பில்டர் கட்டணும்.

நம்ம பக்க வேலைக்கும் கெடு போடுறது நல்லது. மூலப் பத்திரம், பட்டா, வாரிசு சான்று குடுக்க நாம லேட் பண்ணா அத்தனை நாள் கெடு தள்ளிப் போகும்னு எழுதினா பில்டரும் நம்பிக்கையா கையெழுத்து போடுவார். பூர்வீகச் சொத்துன்னா அக்கா தங்கச்சிங்க கையெழுத்தும் கட்டாயம் வேணும். தமிழ்நாட்டுல 1989லேர்ந்தும், நாடு முழுக்க 2005லேர்ந்தும் கூட்டுக் குடும்பச் சொத்துல பொண்ணுங்களுக்கு பங்கு இருக்கு, கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு அவங்க கேக்க மாட்டாங்கன்ற பேச்செல்லாம் பேங்க் வக்கீல்கிட்ட செல்லாது, கட்டி முடிச்ச பிறகு ஃபிளாட்டுக்கு லோன் நிக்கும்.

அடுத்து "முடிஞ்சது"ன்னா என்ன? பில்டருக்கு பெயின்ட் அடிச்சா முடிஞ்சது. நமக்கு சிஎம்டிஏ கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி ஈபி மீட்டர், குடிநீர், கழிவுநீர் இணைப்பு, லிஃப்ட் லைசென்ஸ் எல்லாம் வந்தா தான் முடிஞ்சது. இந்த மாதிரி 12 ஃபிளாட் கட்டடத்துக்கு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லாம நிரந்தர ஈபி கனெக்‌ஷன் வாங்குறது சிக்கல், பிளானுக்கு மேல மாடியில ஒரு ரூம் கூடுதலா கட்டியிருந்தா அந்த சர்டிஃபிகேட்டே நின்னுரும். ஒரு வருஷமா கட்டுமான மீட்டர்லயே கமர்ஷியல் ரேட்ல கரண்ட் பில் கட்டிக்கிட்டு ஒரு குடும்பம் குடியிருந்தத பாத்திருக்கேன், அவங்க அக்ரிமென்ட்ல "குடியேறத் தகுந்த நிலையில்"னு மட்டும் தான் இருந்துச்சு, தகுந்த நிலை தானே சார்னு பில்டர் கேட்டா என்ன பதில் சொல்றது.

தவிர்க்க முடியாத காரணம்ன்ற ஷரத்தயும் இறுக்குங்க. இயற்கைப் பேரிடர், அரசு தடை, நம்ம டைட்டில் பிரச்சனையால வர்ற கோர்ட் ஸ்டே, இவ்ளோ தான். மணல் கிடைக்கல, ஆள் கிடைக்கல, சிமென்ட் விலை ஏறிருச்சு, ஃபிளாட் விக்கல இதெல்லாம் தொழிலோட ரிஸ்க், அத நாம எதுக்கு சுமக்கணும்.

5. தாமத நஷ்டஈடு எவ்ளோ வைக்கணும்னு கணக்கு இருக்கு

சதுர அடிக்கு மாசம் 5 ரூபான்னு அச்சடிச்ச மாதிரி எழுதுவாங்க. நம்ம 6000 சதுர அடிக்கு மாசம் 30,000. இப்போ பில்டர் எடத்துலேர்ந்து யோசிங்க. நம்ம ஃபிளாட்டுங்கள முடிக்க இன்னும் 60 லட்சம் செலவு பண்ணணும்னு வைங்க. வெளிய கடன் வாங்கினா வருஷத்துக்கு 18 சதவீதம், மாசம் 90,000 வட்டி. 90,000 வட்டி கட்டி நமக்கு முடிச்சு தர்றதா, 30,000 நஷ்டஈடு குடுத்துட்டு அந்த 60 லட்சத்த அடுத்த சைட்ல போடுறதா? அவர் கெட்டவரா இருக்கணும்னு இல்லங்க, கணக்கு தெரிஞ்ச யாரும் ரெண்டாவதத் தான் செய்வாங்க.

அதனால நஷ்டஈடு ரெண்டு விஷயத்துக்கு மேல இருக்கணும், ஒண்ணு நம்ம இழக்குற வாடகை, இன்னொண்ணு அவருக்கு மிச்சமாகுற வட்டி. ஃபிளாட்டுக்கு 25,000 வாடகைன்னா 6 ஃபிளாட்டுக்கு மாசம் 1.50 லட்சம், சதுர அடிக்கு 25 ரூபா. இந்த அளவுல வெச்சா தாமதம் அவருக்கு நஷ்டம். மூணு மாசத்துக்கு மேல போனா ஒன்றரை மடங்குன்னும் போடலாம். ரொம்ப ஏத்தி மாசம் 10 லட்சம்னெல்லாம் எழுதினா பிரயோஜனம் இல்ல, ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி எழுதின தொகை உச்சவரம்பு தான், கோர்ட் நியாயமான அளவு தான் குடுக்கும். அதனால வாடகை இவ்ளோ, அதனால நஷ்டஈடு இவ்ளோன்னு அந்த கணக்கையே ஷரத்துல எழுதிருங்க.

6. பூட்டு எங்க இருக்கு: யூடிஎஸ்ஸ கட்டம் கட்டமா விடுறது

நஷ்டஈடு எழுதுறதோட நிறுத்தினா அத வாங்க கோர்ட்டுக்கோ ஆர்பிட்ரேஷனுக்கோ அலையணும். அதுக்கு முன்னாடியே வேலை செய்யற ஒரே பூட்டு நம்ம கையெழுத்து தான். பில்டர் பங்கு 6 ஃபிளாட், 3000 சதுர அடி யூடிஎஸ். அக்ரிமென்ட் அன்னிக்கே மொத்தத்துக்கும் விக்கிற பவர் குடுத்துட்டா மறுநாளே 6 பேருக்கு பதிவு பண்ணிரலாம், பணம் வந்துரும், அப்புறம் நம்ம ஃபிளாட்ட முடிக்க அவருக்கு என்ன அவசரம்.

நான் சொல்றது இப்படி: பேஸ்மென்ட் முடிஞ்சதும் 1 ஃபிளாட்டுக்கான யூடிஎஸ், ரெண்டாவது மாடி ஸ்லாப் போட்டதும் 1, கடைசி ஸ்லாப் போட்டதும் 1, எல்லா ஃபிளாட்லயும் செங்கல் கட்டு, பூச்சு, ஒயரிங் பைப், பிளம்பிங் முடிஞ்சதும் 1. மிச்ச 2 ஃபிளாட் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டோட நம்ம 6 ஃபிளாட் சாவி கைக்கு வந்த பிறகு தான்.

ஏன் 2? நாலாவது கட்டம் முடிஞ்சப்போ மிச்ச வேலை டைல்ஸ், கதவு ஜன்னல், லிஃப்ட், பெயின்ட், ஈபி டெபாசிட், எல்லாம் சேத்து 90 லட்சம்னு வைங்க. பூட்டி வெச்சிருக்குறது 2 ஃபிளாட், 1.80 கோடி. 90 லட்சம் போட்டா 1.80 கோடி திறக்கும்னா எந்த பில்டரும் முடிச்சு தான் தருவார். எந்த கட்டத்துல பாத்தாலும் நம்மகிட்ட பூட்டியிருக்குற மதிப்பு மிச்ச வேலையோட செலவ விட அதிகமா இருக்கணும், இந்த ஒரு சோதனையில உங்க ஷெட்யூல் பாஸ் ஆகுதான்னு பாருங்க. ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதுன்னு யாரு சொல்றது? பில்டர் இஞ்சினியர் இல்ல, நாம நியமிக்கிற ஒரு இஞ்சினியர், அவர் 7 நாளுக்குள்ள சான்று குடுக்கணும், குடுக்கலன்னா குடுத்ததா எடுத்துக்கலாம். அந்த கடைசி வரி பில்டருக்கு பாதுகாப்பு, அது இல்லாம அவர் ஒத்துக்க மாட்டார், ஒத்துக்கவும் கூடாது.

"சார் இப்படி பூட்டினா பேங்க் லோன் வராது, கஸ்டமர் வர மாட்டான்"னு கண்டிப்பா சொல்லுவார். அதுல பாதி உண்மை. விற்பனை ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்குறத நாம தடுக்கல, விக்கிரயப் பத்திரப் பதிவ மட்டும் தான் கட்டத்தோட கட்டுறோம்னு சொல்லுங்க. அதுக்கும் மேல இழுத்தா முதல் கட்டத்துல 2 குடுத்து நடுவுல ஒண்ண குறைச்சுக்கலாம், கடைசி 2ல மட்டும் கை வைக்க விடாதீங்க. ஆரம்பத்துலேர்ந்து வாங்குறவன் காசுல மட்டும் தான் கட்ட முடியும்னு சொல்ற பில்டர்கிட்ட சொந்த காசு இல்லன்னு அர்த்தம், அத இப்பவே தெரிஞ்சுக்கிட்டது நல்லது.

ப்ராஜெக்ட் 500 சதுர மீட்டருக்கும் மேல, 8 ஃபிளாட்டுக்கும் மேல, அதனால ரேரா பதிவு கட்டாயம், பதிவுக்கு முன்னாடி விளம்பரமோ புக்கிங்கோ கூடாது. ஃபிளாட் வாங்குறவங்ககிட்ட வாங்குற பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுன்ட்ல போடணும், நெலத்துக்கும் கட்டுறதுக்கும் மட்டும் தான் எடுக்கணும். ஆனா ரேரா முதல்ல பாக்குறது ஃபிளாட் வாங்குறவங்கள, நெலக்காரர இல்ல, சில நேரம் விக்கிறவர்ன்ற முறையில நம்மளயும் ப்ரோமோட்டர் கணக்குல சேத்து பொறுப்பாக்குவாங்க. அதனால வாங்குறவங்களுக்கு வர்ற இழப்பு எதுக்கும் பில்டரே பொறுப்பு, நம்ம தலையில வந்தா அவர் ஈடு கட்டணும்னு எழுதுங்க. நெலக்காரருக்கு இருக்குற இன்னொரு வழி கன்ஸ்யூமர் ஃபோரம். 2008ல உச்ச நீதிமன்றம் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்குல, இப்படி பங்குக்கு கட்டிக் குடுக்குற பில்டர்கிட்ட நெலக்காரரும் நுகர்வோர் தான், சேவைக் குறைபாடுன்னு கேஸ் போடலாம்னு தீர்ப்பு குடுத்திருக்கு. அக்ரிமென்ட்ல "கூட்டு முயற்சி", "பங்குதாரர்"னு வார்த்தைங்கள வக்கீல் அள்ளி விட்டிருந்தா அடிக்கச் சொல்லுங்க, லாப நஷ்டத்துல நாம கூட்டு இல்ல, கட்டிக் குடுக்குற வேலைக்கு நெலத்த விலையா குடுக்குறோம், அவ்ளோ தான்.

7. பவர் பத்திரம்

ரெண்டா பிரிங்க. முதல் பவர் பிளான் சமர்ப்பிக்க, அனுமதி வாங்க, ஈபி, குடிநீர் வாரியத்துல கையெழுத்து போட மட்டும். விக்கிற பவர் தனி, அது பிளான் அனுமதியும் துணை ஒப்பந்தமும் ஆன பிறகு, அதுலயும் பில்டர் பங்கு ஃபிளாட் நம்பர்களுக்கு மட்டும், மேல சொன்ன கட்டங்கள அதுலயே எழுதி. இன்னும் பாதுகாப்பு வேணும்னா விக்கிற பவரே குடுக்காம ஒவ்வொரு பத்திரத்துக்கும் நேர்ல போய் கையெழுத்து போடுறது, ஊர்லயே இருக்குறவங்களுக்கு அது தான் என்னோட சாய்ஸ்.

அடமானம் வைக்கிற அதிகாரம் பவர்ல எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு வரி வரியா பாருங்க. பில்டர் கட்டுமானக் கடன் வாங்கணும்னா அவர் பங்க மட்டும் வெச்சு வாங்கட்டும், நம்ம பங்கும் மூலப் பத்திரமும் அடமானத்துல போகக் கூடாது. மூலப் பத்திரத்த பேங்க் லாக்கர்ல நம்ம பேர்லயே வெச்சுக்கிட்டு தேவைப்படும்போது காட்டுறது போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ `tnreginet.gov.in`ல நம்ம சர்வே நம்பருக்கு இசி போட்டு பாத்துருங்க, நமக்கு தெரியாம ஏதாவது பதிவாகியிருந்தா அங்க தெரிஞ்சுரும். பில்டரோட பழைய ப்ராஜெக்ட்டுக்கும் இதே மாதிரி இசி போடலாம், எந்த கட்டத்துல எத்தனை பத்திரம் பதிஞ்சார்னு தெரியும், அந்த எடத்து நெலக்காரர தேடிப் புடிச்சு பேசுங்க, ஃபிளாட் வாங்கினவங்க சொல்றத விட அவர் சொல்றது தான் உங்களுக்கு வேணும்.

8. வரி ரெண்டு இடத்துல கடிக்கும்

முதல்ல ஜிஎஸ்டி. நமக்கு கட்டித் தர்ற 6 ஃபிளாட்டுக்கும் கட்டுமானச் சேவைன்னு ஜிஎஸ்டி உண்டு. அஃபோர்டபிள் வகையில வராத வீடுங்களுக்கு 5 சதவீதம். ஃபிளாட் 90 லட்சம் மதிப்புன்னா ஒண்ணுக்கு 4.50 லட்சம், ஆறுக்கு 27 லட்சம். அக்ரிமென்ட்ல இதப் பத்தி பேச்சே இல்லன்னா சாவி குடுக்குற அன்னிக்கு இந்த பில் வரும். பில்டர் செலவுன்னு எழுதி வாங்குங்க, இல்லன்னா நம்ம செலவுன்னு தெரிஞ்சு முதல்ல போட்ட ரேஷியோ கணக்குலயே சேருங்க.

ரெண்டாவது கேபிடல் கெயின்ஸ். தனிநபர், இந்து கூட்டுக் குடும்பத்துக்கு 2017ல வருமான வரிச் சட்டத்துல கொண்டு வந்த 45(5A) ஷரத்து ஒரு நல்லது பண்ணுச்சு, அக்ரிமென்ட் போட்ட வருஷம் இல்லாம கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்த வருஷத்துல தான் வரி. நம்ம பங்கோட அன்னிக்கு முத்திரைத்தீர்வைக்கு எடுக்குற மதிப்பும் வாங்கின பணமும் சேந்தது தான் விற்பனை மதிப்பு. இதுக்கு அக்ரிமென்ட் பதிவாகியிருக்கணும், பணமா வாங்குறதுல பில்டர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். கவனிக்க வேண்டியது, சர்டிஃபிகேட் வர்றதுக்கு முன்னாடி நம்ம பங்கை யாருக்காவது வித்துட்டா இந்த சலுகை போயிரும். இன்னொண்ணு, ஒரு ஃபிளாட்டும் விக்காம அத்தனையும் வாடகைக்கு விட்டாலும் அந்த வருஷம் வரி கட்டணும், அதுக்கு கையில பணம் வேணும், ஆடிட்டர ரேஷியோ பேசும்போதே கூட்டிட்டு வாங்க.

9. டெபாசிட், சாவி, கடைசி கணக்கு

திருப்பிக் குடுக்குற டெபாசிட் 40 லட்சம் வாங்கினா அத திருப்புற தேதிய கவனமா எழுதுங்க. "டெபாசிட் திருப்பிய பின் ஒப்படைப்பு"ன்னு இருந்தா, நம்ம அத வீட்டு வாடகைக்கும் பொண்ணு கல்யாணத்துக்கும் செலவு பண்ணியிருப்போம், பில்டர் "அப்போ ஒரு ஃபிளாட்ட நான் எடுத்துக்கறேன், கம்மி ரேட்டுல"ம்பார். ஒப்படைச்சு 90 நாளுக்குள்ள திருப்பணும்னு எழுதுங்க, தாமத நஷ்டஈட்ட இதுல கழிச்சுக்குற உரிமையும் சேருங்க, அப்போ நஷ்டஈட்டுக்கு கோர்ட்டுக்கு போக வேண்டியதே இல்ல, பணம் ஏற்கனவே நம்மகிட்ட தான் இருக்கு.

வேலை நடுவுல நின்னு போச்சுன்னா என்னன்னும் ஒரு ஷரத்து. தொடர்ந்து 90 நாள் சைட்ல வேலை நடக்கலன்னா நோட்டீஸ் குடுத்து 30 நாள் கழிச்சு நாமளே வேற கான்ட்ராக்டர வெச்சு முடிக்கலாம், செலவ பூட்டியிருக்குற 2 ஃபிளாட்ட வித்து எடுத்துக்கலாம். வெறும் ரத்து உரிமைய மட்டும் நம்பாதீங்க, பதிவான அக்ரிமென்ட்ட நாம மட்டும் தனியா போய் ரத்து பண்ண முடியாது, பில்டர் கையெழுத்து வேணும் இல்லன்னா கோர்ட் உத்தரவு வேணும், அதுக்குள்ள ஃபிளாட் வாங்கினவங்க வேற உள்ள வந்திருப்பாங்க.

சாவி வாங்குற அன்னிக்கு ஒப்படைப்பு கடிதத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல தண்ணி தேக்கி 48 மணி நேரம் விட்டு கீழ் வீட்டு சீலிங்க பாருங்க, மிச்ச வேலைய பட்டியல் போட்டு அந்த கடிதத்துலயே இணைங்க. நம்ம ஃபிளாட் ஒப்படைக்காம பில்டர் வாங்குனவங்களுக்கு சாவி குடுக்கக் கூடாதுன்ற வரி அக்ரிமென்ட்ல இருந்தா இந்த பட்டியல் சீக்கிரம் முடியும். கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ரேராப்படி 5 வருஷம் பில்டர் பொறுப்பு வாங்குறவங்களுக்கு இருக்கு, அதே 5 வருஷத்த நம்ம ஃபிளாட்டுக்கும் அக்ரிமென்ட்ல எழுதி வெச்சுக்கோங்க.

கடைசி 2 ஃபிளாட்டும் பதிவு ஆனதும் பவர் பத்திரத்த ரத்து பண்ணி அதையும் பதிவு பண்ணுங்க, இத நெறைய பேர் மறந்துடறாங்க. ரத்துக்கு பில்டரும் வந்து கையெழுத்து போட்டா நல்லது, டெபாசிட் மிச்சத்த அன்னிக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல வெச்சு குடுக்கறதா பேசிக்கோங்க, வந்துருவார். அதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சு கடைசியா ஒரு இசி போட்டு ரத்து ஏறியிருக்கான்னு பாத்து பிரின்ட் எடுத்து மூலப் பத்திரத்தோட வெச்சுருங்க.